சிறியதன் n மடங்கு, பெரியதன் n மடங்கு: நடுவில் சிக்கும் கூட்டுத்தொகை

பத்து நெல் மூட்டைகள் இருக்கின்றன. எடை குறைந்த மூட்டை 70 கிலோ, எடை கூடிய மூட்டை 75 கிலோ. மற்ற எட்டையும் தராசில் ஏற்றாமலேயே மொத்த எடை 700 கிலோவுக்குக் குறையாது, 750-ஐத் தாண்டாது என்று சொல்லிவிடலாம். இந்தக் கட்டுரை முழுக்க நான் பயன்படுத்தப்போகும் சமனின்மை இது ஒன்றுதான்:

```
n × (மிகச் சிறிய உறுப்பு) ≤ கூட்டுத்தொகை ≤ n × (மிகப் பெரிய உறுப்பு)
```

இதோடு சாண்ட்விச் தேற்றத்தைச் சேர்த்துக்கொண்டால், நேரடியாகக் கூட்டவே முடியாத பல தொகைகளின் எல்லை இரண்டு வரியில் கிடைத்துவிடும். இடது பக்கமும் வலது பக்கமும் ஒரே எண்ணை நெருங்கினால், நடுவில் இருப்பதற்கும் வேறு வழி கிடையாது.

கல்லூரி முதலாண்டு மாணவர்களுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். இந்த உத்தியை அவர்கள் சீக்கிரமே பிடித்துக்கொள்கிறார்கள். எங்கே அது வேலை செய்யாது, அங்கே அடுத்து என்ன செய்வது என்பதில்தான் தடுமாற்றம் வருகிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடமும் அதுதான். அதனால் ஒரே கணக்கை எடுத்துக்கொண்டு, அதில் ஓர் அடுக்கை மட்டும் மாற்றி மாற்றிப் பார்க்கப் போகிறேன்.

முதல் வடிவம் இது:

```
S(n) = n/(n²+1) + n/(n²+2) + n/(n²+3) + ... + n/(n²+n)
```

n முடிவிலியை நெருங்கும்போது S(n) எதை நெருங்கும்?

வகுப்பில் கேட்டால் முதலில் வரும் பதில் பெரும்பாலும் "பூஜ்யம்" என்பதுதான். காரணமும் தயாராக இருக்கும்: ஒவ்வொரு உறுப்பும் பூஜ்யத்தை நோக்கிப் போகிறது, பூஜ்யங்களைக் கூட்டினால் பூஜ்யம்தானே? ஒவ்வொரு உறுப்பும் பூஜ்யத்தை நோக்கிப் போவது உண்மைதான், ஏறக்குறைய 1/n அளவில் சுருங்குகிறது. ஆனால் உறுப்புகளின் எண்ணிக்கையும் கூடவே n ஆக வளர்கிறது. "கூட்டுத்தொகையின் எல்லை, எல்லைகளின் கூட்டுத்தொகை" என்ற விதி இரண்டு உறுப்புக்குப் பொருந்தும், இருநூறு உறுப்புக்கும் பொருந்தும். எண்ணிக்கை மாறாமல் நின்றால் போதும். இங்கே n கூடும்போது உறுப்பு சுருங்குகிறது, எண்ணிக்கை பெருகுகிறது. இரண்டில் எது ஜெயிக்கும் என்பதுதான் கேள்வியே. அதனால் அந்த விதியை இங்கே தொடவே கூடாது.

சரி, சமனின்மைக்கு வருவோம். எல்லா உறுப்புகளிலும் தொகுதி ஒரே n. பகுதி n²+1-இல் தொடங்கி n²+n வரை ஏறுகிறது. பகுதி சிறியதாக இருக்கும் முதல் உறுப்புதான் மிகப் பெரியது. கடைசி உறுப்புதான் மிகச் சிறியது. மொத்தம் n உறுப்புகள். எனவே

```
n × n/(n²+n) ≤ S(n) ≤ n × n/(n²+1)
```

இடது பக்கத்தைச் சுருக்கினால் n/(n+1). வலது பக்கம் n²/(n²+1). இரண்டும் 1-ஐ நெருங்குகின்றன. ஆக S(n)-இன் எல்லை 1.

விடை வந்ததும் பலர் அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறார்கள். நான் அவர்களை n = 10 போட்டுக் கூட்டிப் பார்க்கச் சொல்வேன். இடது பக்கம் 0.9091, வலது பக்கம் 0.9901, உண்மையான தொகை 0.9486. n = 100 என்றால் இடது 0.9901, வலது 0.9999, தொகை 0.9950. தொகை இரண்டு கரைகளுக்கும் ஏறக்குறைய நட்ட நடுவில் போகிறது. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. எல்லை என்ன என்று சொல்வதோடு இந்தச் சமனின்மை நிற்கவில்லை. எந்த n-க்கும் தொகை 1-ஐவிடக் குறைவு, ஆனால் அந்தக் குறைவு 1/(n+1)-ஐத் தாண்டாது என்றும் சேர்த்தே சொல்கிறது. பிழை 0.001-க்குள் இருக்கவேண்டும் என்றால் n = 999 போதும். எல்லையைக் கண்டுபிடிக்கும் பல வழிகளில் இந்தத் தகவல் இலவசமாக வராது.

இங்கே ஒரு சிறு விஷயம். மிகச் சிறிய உறுப்பும் மிகப் பெரிய உறுப்பும் சரியாக எது என்று தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எந்த உறுப்பும் இதைவிடக் குறையாது, எந்த உறுப்பும் இதைத் தாண்டாது என்று சொல்ல இரண்டு அளவு கிடைத்தால் போதும். உதாரணமாக k-ஆவது உறுப்பின் பகுதியில் n²+k-க்குப் பதிலாக n² + n·sin k இருந்தால், k ஓடும்போது உறுப்புகள் ஏறி இறங்கும். எது மிகப் பெரியது என்று தேடுவது வீண் வேலை. sin எப்போதும் −1-க்கும் 1-க்கும் இடையில் இருப்பதால் ஒவ்வொரு உறுப்பும் n/(n²+n)-க்கும் n/(n²−n)-க்கும் இடையில் இருக்கும். n மடங்கு எடுத்தால் n/(n+1), n/(n−1). மறுபடியும் எல்லை 1. கரைகளில் k இருக்கக் கூடாது என்பது மட்டும்தான் நிபந்தனை. k மிஞ்சியிருந்தால் அந்தக் கரை எல்லா உறுப்புக்கும் பொதுவானதல்ல, அதை n-ஆல் பெருக்கவும் முடியாது.

இப்போது அடுக்கை மாற்றுவோம். k இருந்த இடத்தில் k²:

```
T(n) = n/(n²+1²) + n/(n²+2²) + n/(n²+3²) + ... + n/(n²+n²)
```

பார்வைக்கு முன்பிருந்த கணக்கின் தம்பி மாதிரிதான் இருக்கிறது. அதே வழியில் போவோம். மிகப் பெரிய உறுப்பு n/(n²+1), மிகச் சிறிய உறுப்பு n/(2n²), அதாவது 1/(2n). n மடங்கு எடுத்தால்

```
1/2 ≤ T(n) ≤ n²/(n²+1)
```

இடது கரை 1/2-இலேயே நிற்கிறது. வலது கரை 1-க்குப் போகிறது. இரண்டுக்கும் நடுவில் அரை அகலத்துக்கு இடைவெளி, n எவ்வளவு பெரிதானாலும் அது மூடுவதில்லை. சாண்ட்விச் தேற்றம் இங்கே எதுவும் சொல்லாது. எல்லை என்று ஒன்று இருந்தால் அது 1/2-க்கும் 1-க்கும் இடையில் இருக்கும், அவ்வளவுதான் நமக்குத் தெரியும்.

இந்த இடத்தில் ஒரு மாணவி கேட்டாள்: "சார், முதல் கணக்கில் தொகை நடுவில்தானே போச்சு? இங்கேயும் இரண்டுக்கும் சராசரி எடுத்து முக்கால்னு சொல்லிட்டா என்ன?" நியாயமான கேள்வி. கூட்டியே பார்த்துவிடலாம். n = 10-க்குத் தொகை 0.7600. n = 100-க்கு 0.7829. முக்காலைத் தாண்டி மேலே போய்க்கொண்டிருக்கிறது. உறுப்புகள் பெரியதிலிருந்து சிறியதுக்கு ஒரே சீராக இறங்கினால் சராசரி கிட்டத்தட்டப் பொருந்தும். முதல் கணக்கில் பகுதி ஒவ்வொரு படியிலும் ஒன்று ஒன்றாக ஏறியதால் இறக்கம் கிட்டத்தட்டச் சீராக இருந்தது. இங்கே பகுதியில் k² இருப்பதால் தொடக்கத்து உறுப்புகள் வெகுநேரம் உயரத்திலேயே தங்கி, பிறகுதான் வேகமாக இறங்குகின்றன. அதனால் தொகை மேல்கரைப் பக்கம் சாய்கிறது.

உத்தி எப்போது பலிக்கும் என்பதை முன்கூட்டியே கண்டுபிடிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. மிகப் பெரிய உறுப்பை மிகச் சிறிய உறுப்பால் வகுத்துப் பாருங்கள். இரண்டு கரைகளிலும் இருக்கும் n அடிபட்டுப் போகும், மிஞ்சும் விகிதம்தான் இரண்டு கரைகளின் விகிதம். இரண்டு கரைகளும் பூஜ்யமல்லாத ஒரே எண்ணில் சேரவேண்டுமானால் அந்த விகிதம் 1-க்குப் போயே தீரவேண்டும். முதல் கணக்கில் விகிதம் (n²+n)/(n²+1). அது 1-க்குப் போகிறது, உத்தி பலித்தது. இரண்டாவதில் 2n²/(n²+1). அது 2-க்குப் போகிறது, உத்தி பலிக்கவில்லை. கரைகளை எழுதும் முன்பே இந்த ஒரு வகுத்தலைச் செய்துவிட்டால் பாதிப் பக்கம் மிச்சம்.

விகிதம் 1-க்குப் போகவில்லை என்றால் கைவிட்டுவிடுவதா? வேண்டாம், துண்டு போடலாம். மூட்டைகளை எடைவாரியாக நான்கு அடுக்காகப் பிரித்து ஒவ்வோர் அடுக்குக்கும் தனித்தனியாகக் கீழ்க்கரை மேல்கரை சொன்னால், மொத்த மதிப்பீடு இறுகும் அல்லவா? அதையேதான் இங்கேயும் செய்யப்போகிறோம்.

வசதிக்காக n நான்கால் வகுபடும் என்று வைத்துக்கொள்வோம். k = 1 முதல் n வரையிலான உறுப்புகளை வரிசையாக நான்கு துண்டுகளாக வெட்டுவோம். ஒவ்வொரு துண்டிலும் n/4 உறுப்புகள். இரண்டாவது துண்டை மட்டும் கிட்டத்தில் பார்ப்போம். அதில் k-இன் மதிப்பு n/4-ஐத் தாண்டித் தொடங்கி n/2-இல் முடிகிறது. ஆகவே அதிலுள்ள ஒவ்வோர் உறுப்பும் n/(n²+n²/4)-ஐவிடக் குறையாது, n/(n²+n²/16)-ஐத் தாண்டாது. சுருக்கினால் கீழ்க்கரை (1/n)(4/5), மேல்கரை (1/n)(16/17). உறுப்புகளின் எண்ணிக்கையான n/4-ஆல் பெருக்கும்போது n மறைந்துவிடுகிறது. அந்தத் துண்டின் பங்கு 1/5-க்கும் 4/17-க்கும் இடையில், அதாவது 0.2000-க்கும் 0.2353-க்கும் இடையில். n என்னவாக இருந்தாலும் இதே எண்கள்தான்.

நான்கு துண்டுகளுக்கும் இப்படிச் செய்து கூட்டினால்:

```
கீழ்க்கரை: (1/4)(16/17 + 16/20 + 16/25 + 16/32) = 0.7203
மேல்கரை:  (1/4)(16/16 + 16/17 + 16/20 + 16/25) = 0.8453
```

அரை அகலத்துக்கு இருந்த இடைவெளி 0.125 ஆகிவிட்டது. முக்கால் என்பது இன்னும் இதற்குள்தான் இருக்கிறது, எனவே இன்னும் வெட்டவேண்டும். அதற்கு முன் இந்த இரண்டு வரிகளையும் ஒரு நிமிடம் பாருங்கள். 16/17, 16/20, 16/25 மூன்றும் இரண்டு வரியிலும் இருக்கின்றன. ஒரு துண்டின் கீழ்க்கரைதான் அடுத்த துண்டின் மேல்கரை. அதனால் கழிக்கும்போது நடுவில் இருப்பதெல்லாம் அடிபட்டு, முதல் துண்டின் மேல்கரையும் கடைசித் துண்டின் கீழ்க்கரையும் மட்டும் மிஞ்சுகின்றன: (1/4)(1 − 1/2). நான்குக்குப் பதில் m துண்டுகள் என்றால் இடைவெளி 1/(2m). நூறு துண்டு போட்டால் 0.005. எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு இறுக்கலாம்.

n துண்டுகளின் எண்ணிக்கையால் சரியாக வகுபடாவிட்டால்? நான்கு துண்டில் அதிகபட்சம் மூன்று உறுப்புகள் மிஞ்சும். ஒவ்வொன்றும் 1/n-ஐவிடச் சிறியது. n வளர வளர மிச்சம் 3/n-க்குள் கரைந்துவிடும். இதைத் தாளில் ஒரு வரி எழுதிவிட வேண்டும். எழுதாமல் விட்டால் நிறுவல் முழுமையாகாது.

இப்போது அந்தக் கரைகள் என்ன என்று அடையாளம் தெரிந்திருக்கும். 1/(1+x²) என்ற வளைகோட்டின் கீழே, x = 0 முதல் 1 வரை, உள்ளே அடங்கும் செவ்வகங்களின் பரப்பும் வெளியே மூடும் செவ்வகங்களின் பரப்பும்தான் அவை. பிரெஞ்சுக் கணிதர் டார்பூ 1875-இல் தொகையிடலை விளக்கப் பயன்படுத்திய கீழ்த்தொகை, மேல்தொகை என்பவை இவையே. அந்தப் பரப்பு π/4, அதாவது 0.7854. T(n)-இன் எல்லையும் அதுதான். பாடப்புத்தகத்தில் சாண்ட்விச் தேற்றம் ஓர் அத்தியாயத்திலும் வரையறுத்த தொகையிடல் வேறோர் அத்தியாயத்திலும் வருவதால், இரண்டும் தொடர்பில்லாதவை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் ஒரே துண்டாக நெருக்கினால் முதலாவது, பல துண்டுகளாக நெருக்கினால் இரண்டாவது.

அடுக்கை இன்னும் ஒருபடி ஏற்றுவோம். k³:

```
U(n) = n/(n²+1³) + n/(n²+2³) + n/(n²+3³) + ... + n/(n²+n³)
```

விகிதச் சோதனை முதலில். (n²+n³)/(n²+1). இது ஏறக்குறைய n அளவுக்கு வளர்கிறது, அதாவது முடிவிலிக்கே போகிறது. கரைகளை எழுதினால் கீழ்க்கரை 1/(n+1), மேல்கரை n²/(n²+1). ஒன்று 0-க்கும் மற்றொன்று 1-க்கும் போகின்றன. பயனில்லை.

சமமான துண்டுகளாக வெட்டினால்? நான்காக வெட்டிப் பார்த்தால் இரண்டாவது, மூன்றாவது, நான்காவது துண்டுகளில் உறுப்புகள் 1/n² அளவில் இருக்கின்றன, அவற்றின் மொத்தப் பங்கு பூஜ்யத்துக்குப் போய்விடும். முதல் துண்டின் மேல்கரை மட்டும் ஏறக்குறைய 1/4-இலேயே நிற்கும். நூறாக வெட்டினால் அது 1/100. இப்படியே போனால் எல்லை பூஜ்யம் என்று தெரிந்துவிடும். ஆனால் எவ்வளவு வேகமாகப் பூஜ்யத்துக்குப் போகிறது என்பது தெரியாது. இதற்கு வெட்டும் இடத்தையே n-க்கு ஏற்ப நகர்த்தவேண்டும்.

முதல் K உறுப்புகள் ஒரு துண்டு, மீதி இன்னொரு துண்டு. முதல் துண்டில் எந்த உறுப்பும் 1/n-ஐத் தாண்டாது, ஏனென்றால் பகுதி n²-ஐவிடப் பெரியது. ஆகவே அதன் பங்கு அதிகபட்சம் K/n. இரண்டாவது துண்டில் பகுதி K³-ஐவிடப் பெரியது, எனவே ஒவ்வோர் உறுப்பும் n/K³-ஐத் தாண்டாது. எண்ணிக்கை n-க்குள். பங்கு அதிகபட்சம் n²/K³. இரண்டையும் கூட்டினால்

```
0 < U(n) < K/n + n²/K³
```

K-ஐ மிகச் சிறிதாக வைத்தால் இரண்டாவது பங்கு வெடிக்கும், மிகப் பெரிதாக வைத்தால் முதல் பங்கு அப்படியே நிற்கும். இரண்டும் சமமாகும் இடம் K⁴ = n³, அதாவது K = n^(3/4). அப்போது ஒவ்வொரு பங்கும் n^(−1/4). n = 10000 என்று வைத்தால் K = 1000. முதல் ஆயிரம் உறுப்புகளின் பங்கு 0.1-ஐத் தாண்டாது, மீதி ஒன்பதாயிரத்தின் பங்கும் 0.1-ஐத் தாண்டாது. மொத்தம் 0.2-க்குள். உண்மையான தொகை சுமார் 0.056. கரை கொஞ்சம் தளர்ச்சிதான், ஆனாலும் n வளர வளர அது பூஜ்யத்துக்குப் போவதால் எல்லை பூஜ்யம் என்று முடித்துவிடலாம். உறுப்புகள் எல்லாம் நேர்மமாக இருந்து எல்லை பூஜ்யமாகும் கணக்குகளில் இந்த வசதி உண்டு: கீழ்க்கரையாகப் பூஜ்யமே போதும், மேல்கரையை மட்டும் கவனித்தால் சரி.

ஆக பகுதியில் k, k², k³. எல்லைகள் 1, π/4, 0. பெரியதுக்கும் சிறியதுக்கும் உள்ள விகிதம் 1-க்கும், 2-க்கும், முடிவிலிக்கும் போனது. அதற்கேற்பத் துண்டு போடாமலும், சமமாகத் துண்டு போட்டும், சமமில்லாமல் துண்டு போட்டும் வேலை நடந்தது.

தேர்வுகளில் அடிக்கடி தலைகாட்டும் இன்னொரு வடிவத்தையும் சொல்லிவிடுகிறேன். தொகுதியில் n-க்குப் பதில் k:

```
V(n) = 1/(n²+1) + 2/(n²+2) + 3/(n²+3) + ... + n/(n²+n)
```

இங்கே விகிதச் சோதனையில் ஒரேயடியாகத் தோல்வி. மிகப் பெரிய உறுப்பு 1/(n+1), மிகச் சிறிய உறுப்பு 1/(n²+1). ஆனால் துண்டு போடத் தேவையில்லை. உறுப்பு இவ்வளவு மாறுவதற்குக் காரணம் தொகுதி. பகுதி அநேகமாக மாறுவதே இல்லை, n²+1 முதல் n²+n வரைதான். எனவே மாறாததை மட்டும் நெருக்கிவிட்டு, மாறுவதை அப்படியே விட்டுவிடலாம். எல்லாப் பகுதிகளையும் n²+n ஆக்கினால் கீழ்க்கரை, n²+1 ஆக்கினால் மேல்கரை. தொகுதிகளின் கூட்டு 1+2+...+n = n(n+1)/2 என்று நமக்குத் தெரியும்.

```
n(n+1)/2 ÷ (n²+n) ≤ V(n) ≤ n(n+1)/2 ÷ (n²+1)
```

இடது கரை எந்த n-க்கும் சரியாக 1/2. வலது கரையும் 1/2-க்குப் போகிறது. விடை 1/2. n = 10-க்குக் கூட்டினால் 0.514 வருகிறது, மேல்கரை 0.545. உறுப்பு முழுவதையும் நெருக்கவேண்டும் என்று எங்கும் எழுதிவைக்கவில்லை. கூட்டத் தெரிந்த பாகத்தை அப்படியே வைத்துக்கொண்டு, கூட்டத் தெரியாத பாகத்தை மட்டும் நெருக்குவதில்தான் இந்தக் கணக்கின் நயமே இருக்கிறது.

துண்டு போட்டு நெருக்குவது டார்பூவுக்கு ஐந்நூறு ஆண்டுகள் முந்தியது. 14ஆம் நூற்றாண்டில், பிரான்சைச் சேர்ந்த நிக்கோல் ஒரேம், 1 + 1/2 + 1/3 + 1/4 + ... என்ற தொடர் எல்லையில்லாமல் வளரும் என்று காட்டியது இந்த வழியில்தான். அவர் வெட்டிய துண்டுகள் ஒவ்வொன்றும் முந்தியதைப்போல் இருமடங்கு நீளம். 1/3, 1/4 இரண்டும் ஒரு துண்டு, சிறியது 1/4, எனவே தொகை குறைந்தது 2 × 1/4 = 1/2. 1/5 முதல் 1/8 வரை நான்கு உறுப்புகள், சிறியது 1/8, எனவே குறைந்தது 4 × 1/8 = 1/2. அடுத்த எட்டு உறுப்புகளும் குறைந்தது 1/2. இப்படி அரை அரையாகச் சேர்ந்துகொண்டே போவதற்கு முடிவில்லை.

ஒரேமுக்குக் கீழ்க்கரை போதுமாக இருந்தது. மேல்கரையையும் போட்டுப் பார்ப்போம். இந்தத் தடவை துண்டை ஓர் உறுப்பு முன்னால் தொடங்கவேண்டும்: 1/2, 1/3 இரண்டும் சேர்ந்து 2 × 1/2 = 1-ஐத் தாண்டாது. 1/4 முதல் 1/7 வரை நான்கும் சேர்ந்து 4 × 1/4 = 1-ஐத் தாண்டாது. இப்படிப் போனால் 1/1023 வரை, முதல் உறுப்பான 1-ஐத் தனித் துண்டாக எண்ணிப் பத்துத் துண்டுகள், மொத்தம் 10-ஐத் தாண்டாது. ஒரேமின் கணக்குப்படி 1/1024 வரை கூட்டினால் 6-க்குக் குறையாது. உண்மையான தொகை 7.51. ஆயிரத்துச் சொச்சம் பின்னங்களை ஒன்றுகூடக் கூட்டாமல் 6-க்கும் 10-க்கும் இடையில் என்று சொல்லமுடிகிறது.

இந்தப் பத்தை வைத்துக்கொண்டு ஒரு பெரிய கூட்டலைச் செய்துவிடலாம். 1/√1 + 1/√2 + 1/√3 + ... என்று பத்து லட்சமாவது உறுப்புக்கு முன்னால் வரை கூட்டவேண்டும், அதாவது 1/√999999 வரை. இங்கே துண்டு எங்கே வெட்டுவது? வர்க்கமூலம் முழு எண்ணாகும் இடங்களில், அதாவது 1, 4, 9, 16 என்ற வர்க்க எண்களில்.

n²-இல் தொடங்கி அடுத்த வர்க்கமான (n+1)²-க்கு முந்திய எண் வரை ஒரு துண்டு. எத்தனை உறுப்புகள்? (n+1)² − n² = 2n+1. இந்த எண்ணிக்கையைச் சரியாக எடுப்பதில்தான் கவனம் வேண்டும். (n+1)²-ஐயும் சேர்த்துக்கொண்டால் 2n+2 ஆகிவிடும், அப்போது 4, 9, 16 போன்ற வர்க்க எண்கள் இரண்டு துண்டுகளில் இடம்பிடித்துவிடும். துண்டின் மிகப் பெரிய உறுப்பு 1/n. எல்லா உறுப்புகளும் 1/(n+1)-ஐவிடப் பெரியவை. எனவே துண்டின் தொகை

```
(2n+1)/(n+1) = 2 − 1/(n+1)   என்பதற்கும்
(2n+1)/n     = 2 + 1/n       என்பதற்கும் இடையில்
```

விகிதம் (n+1)/n, அது 1-க்குப் போகிறது. எனவே ஒவ்வொரு துண்டும் 2-ஐ நெருங்குகிறது. 999999 வரை மொத்தம் எத்தனை துண்டுகள்? n = 1 முதல் 999 வரை, 999 துண்டுகள். எல்லாவற்றையும் கூட்டினால் 2 × 999 = 1998. அதற்குமேல் போகக்கூடியது அதிகபட்சம் 1 + 1/2 + ... + 1/999. அது 10-ஐத் தாண்டாது என்று இப்போதுதான் பார்த்தோம். கீழே இறங்கக்கூடியது அதிகபட்சம் 1/2 + 1/3 + ... + 1/1000. அது 9-ஐத் தாண்டாது. ஆகவே மொத்தத் தொகை 1989-க்கும் 2008-க்கும் இடையில்.

கணினியில் ஒரு சின்ன நிரல் எழுதி இதைச் சரிபார்க்கலாம்:

```
print(sum(k**-0.5 for k in range(1, 1000000)))
```

சுமார் 1998.54 என்று வரும்.